பதினாறு கிலோவும் பத்தொன்பது கிலோவும்
(செவிக்கு மட்டும் எழுதும் நகைச்சுவை பற்றி)



கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்தில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் வரிசைக்கு ஒரேயொரு வானொலிப்பெட்டிதான் இருந்தது. அது எங்கள் அம்மாயிக்குச் சொந்தமானது. காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரை வரை எழும்பாத காரணத்தால், அம்மாயியின் வானொலி எல்லா வீடுகளுக்கும் பொதுவானதாகிவிட்டது. ஒருநாள் மாலை நகைச்சுவை நாடகமொன்று போய்க்கொண்டிருந்தது. அதில் தோட்டத்துப் பெண் பாத்திரம் ஒன்று வந்து நாலு வார்த்தை பேசியது. அடுத்த வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாயி மட்டும் எழுந்து போய்ப் பெட்டியை நிறுத்திவிட்டு, "நம்மள மாரித்தான் பேசுறா. ஆனா அவ என்னா சொன்னான்னு யாரும் சிரிக்கல, பேசுறதுக்குத்தான் சிரிக்கிறாங்க" என்றார்.

அந்த நாடகத்தின் பெயரோ எழுதியவரின் பெயரோ எனக்கு நினைவில்லை, நினைவிருந்தாலும் சொல்லமாட்டேன். ஆனால் அம்மாயி சொன்னது, பிற்காலத்தில் தமிழ் ஆசிரியனாகி, மாணவர்களுக்கு நாடகப் பிரதி எழுதப் பழக்கியபோது பலமுறை என் முன்னால் வந்து நின்றிருக்கிறது. கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஊடகத்தில் நகைச்சுவை எவ்வாறு பிறக்கிறது, எங்கே வழுக்கி விழுகிறது என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையையே முதலில் வைத்தார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கின் வழியாகப் பிறக்கும் என்றார். இதை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இருக்கமாட்டார். ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. மெய்ப்பாடு என்பது மெய்யிலே, அதாவது உடம்பிலே தோன்றிப் பிறருக்குப் புலப்படுவது. வானொலியிலோ உடம்பே இல்லை. மேடையில் ஒருவர் வேட்டி தடுக்கி விழலாம். திரைப்படத்தில் முகத்தைக் கோணலாக்கலாம். வானொலி நடிகருக்குக் குரல் மட்டுமே மெய். ஆகவே குரலுக்குள் எளிதில் அகப்படுவது எதுவோ அதுவே எழுத்தாளரின் கைக்கு முதலில் வருகிறது. மிக எளிதில் அகப்படுவது பேச்சு வழக்கு. அங்கே எள்ளல் தயாராகக் காத்துக்கொண்டிருக்கிறது.

பேச்சு வழக்கைப் பயன்படுத்தியதே பிழை என்று நான் சொல்லவரவில்லை. இலங்கை வானொலியின் நகைச்சுவை வளர்ந்ததே அதனால்தான். சானா என்று அறியப்பட்ட சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். பாத்திரம் வாய் திறக்கு முன்னரே, பெயரின் இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பின்னர் 1970களில் எஸ். ராம்தாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' வந்தது. அது ஒலிபரப்பான காலத்தில் நான் பிறக்கவில்லை. தந்தையார் சொல்லக் கேட்டும், பழைய ஒலிப்பதிவுகளின் வாயிலாகவுமே அறிந்தேன். அதன் வெற்றியில்தான் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமும் உருவாயிற்று.

அந்தத் தொடரின் அமைப்பைச் சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது. அப்புக்குட்டி, மரிக்கார், உபாலி, ஐயர் என்று முக்கியமாக நான்கு பேர். அப்புக்குட்டி பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். மரிக்கார் பேசுவது முஸ்லிம் மக்களின் தமிழ். உபாலி பேசுவது சிங்களவர் ஒருவர் முயன்று பேசும் தமிழ். ஐயருடையது அக்கிரகாரத் தமிழ். ஒருவர் ஒரு சொல் பேசினாலே போதும், இன்னார் என்று தெரிந்துவிடும். "மரிக்கார், நீர் சொல்வது சரி" என்று பெயர் சொல்லிச் சொல்லி அடையாளம் காட்டவேண்டிய அவசியம் எழுத்தாளருக்கு இல்லை. முகத்துக்குப் பதிலாக வழக்கு நிற்கிறது. மேடையில் நான்கு வேடங்களும் நான்கு உடுப்புகளும் செய்யும் வேலையை அங்கே நான்கு வகைத் தமிழ் செய்தது.

மரிக்காராக நடித்தவர் ராம்தாஸ். ஐயராக நடித்தவர் பீ.எச். அப்துல் ஹமீட். அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும் உபாலியாக எஸ். செல்வசேகரனும் நடித்தார்கள். ராம்தாஸ் என்ற பெயருடையவர் மரிக்காராகவும், அப்துல் ஹமீட் என்ற பெயருடையவர் ஐயராகவும் தோன்றியது செவி ஊடகத்துக்கே உரிய சுதந்திரம். நடிகரின் முகத்தையோ மதத்தையோ ஒலிவாங்கி கேட்பதில்லை. காது மட்டும் சரியாக இருந்தால் போதும். ஒருவரது வழக்கை இன்னொருவர் பேசவேண்டுமானால் முதலில் அதை உன்னிப்பாகக் கேட்டிருக்கவேண்டும். அந்தத் தொடரில் நான்கு பேரும் ஒரே தளத்தில் நின்று ஒருவரையொருவர் மடக்கினார்கள். நான்கு வழக்கும் சிரிப்புக்கு இலக்கான காரணத்தால் ஒன்று மட்டும் தனியாக இழிவுபடவில்லை என்பது என் கணிப்பு. அம்மாயி நிறுத்திய நாடகத்தில் நிலைமை வேறு. மற்றவர்கள் எல்லோரும் ஒரு தளத்தில் நிற்க, தோட்டத்துப் பெண் மட்டும் கீழே நின்றாள். அவளுக்குக் கதையில் வேறு வேலையே இல்லை. பேசவும் சிரிக்கப்படவும் மட்டுமே வந்தாள்.

வழக்கு என்பது முகத்துக்குச் சமம் என்றால், முகத்தையே நகைச்சுவையாக்குவது சரியா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பிரதி எழுதுபவர் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியுண்டு. அந்த வசனத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்றி வாசித்துப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு மிஞ்சினால் அது சூழ்நிலையில் இருக்கிறது. சிரிப்பு முழுதாக மறைந்துவிட்டால், அதுவரை நாம் சிரித்தது பேசியவரின் முகத்தைப் பார்த்துத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் கல்லூரி மாணவர் சிலரைக்கொண்டு எட்டு நிமிட ஒலி நாடகமொன்றைத் தயாரித்தோம். கலையகம் எதுவும் இல்லை. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, கணினியில் வெட்டி ஒட்டினோம். இன்று இதைப் பொட்காஸ்ட் என்கிறார்கள். எட்டு நிமிடத்துக்குப் புல்ஸ்கேப் தாளில் ஆறு பக்கம் பிடித்தது. தோட்டத்துப் பிள்ளைகளே எழுதினார்கள். முதற்பிரதியை வாசித்தபோது எனக்குத் திக்கென்றது. அவர்கள் தங்கள் சொந்தப் பாட்டியையே, நான் சிறுவயதில் கேட்ட அந்த நாடகத்துப் பெண்ணைப் போல எழுதியிருந்தார்கள். எதைச் சொன்னாலும் விளங்காமல், இழுத்து இழுத்துப் பேசி, எல்லோராலும் சிரிக்கப்படும் கிழவி. கணக்கப்பிள்ளை மட்டும் பாடப்புத்தகத் தமிழ் பேசினார். நகைச்சுவை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று அவர்களுக்கும் எங்கிருந்தோ பழகியிருந்தது.

காட்சி என்னவோ நல்ல காட்சி. கொழுந்து நிறுக்கும் இடம். தொங்கு தராசில் சாக்கு தொங்குகிறது. கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று, யாருக்கும் தெரியாமல் முழங்காலைச் சாக்குக்கு அடியில் கொடுத்துத் தாங்குகிறார். நிறை குறைகிறது. அன்றைய நாட்பேருக்குப் பதினெட்டுக் கிலோ வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். அதாவது அரைநாட் சம்பளம். பேச்சியம்மா என்ற கிழவி இதைக் கண்டுபிடிக்கவேண்டும்.

மேடையில் இதைவிட எளிதான காட்சி இருக்கமுடியாது. முழங்காலைப் பார்வையாளர் பார்க்கிறார்கள், கிழவி பார்க்கவில்லை. அந்த இடைவெளியிலே சிரிப்பு வருகிறது. வானொலியில் முழங்கால் எங்கே? மாணவர் முதலில் எழுதிய வசனம் இதுதான்: "அய்யா, நீங்க முழங்கால சாக்குக்கு அடியில குடுத்துத் தாங்கிக்கிட்டு நிக்கிறீங்களே!" இது வானொலி நாடகம் எழுதப் புகுவோர் எல்லோரும் செய்யும் பிழை. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் யாராவது ஒருவர் வாயால் சொல்லிவிடுவது. "என்ன, சிவப்புக் குடையோடு வேகமாக வருகிறாய்?" என்ற வகை. நேரில் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. நேயருக்குத் தகவல் போய்ச் சேருகிறதே தவிரச் சிரிப்பு வருவதில்லை. ஏனென்றால் கண்டுபிடிக்கும் வேலையைப் பாத்திரமே செய்து முடித்துவிடுகிறது. நேயருக்கு மிச்சம் எதுவுமில்லை.

முழங்காலைக் காட்டமுடியாது. ஆனால் முழங்கால் செய்யும் வேலையைக் கேட்கச் செய்யமுடியுமா? தராசின் விளைவு ஓர் எண். எண் வாயால் சொல்லப்படுவது. அதைப் பிடித்துக்கொண்டோம். பல தடவை திருத்தி எழுதிய பின்னர் காட்சி இப்படி அமைந்தது:

கணக்கப்பிள்ளை: அடுத்தது யாரு? மாட்டுங்க சாக்க.
(தராசுச் சங்கிலி ஓசை)
கணக்கப்பிள்ளை: பதினாறு!
பேச்சியம்மா: பதினாறா? அய்யா, முள்ளு தெரியலைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்.
கணக்கப்பிள்ளை: தெரிஞ்சு என்னா செய்யப்போற?
பேச்சியம்மா: சும்மா பாத்துக்கிறேங்க.
(செருப்போசை, இரண்டு அடி. சங்கிலி ஆடும் ஓசை. இரண்டு விநாடி.)
கணக்கப்பிள்ளை: (மெல்ல) பத்தொம்பது.

முழங்கால் என்ற சொல்லே இப்போது பிரதியில் இல்லை. ஆனால் கேட்பவர் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிடுகிறார். சிலர் முழங்காலைக் காண்கிறார்கள், சிலர் கையைக் காண்கிறார்கள், எதுவானாலும் பரவாயில்லை. தோட்டத்திலே வாழ்ந்தவர்களுக்குத் தாங்கள் பார்த்த கணக்கப்பிள்ளையே தெரிகிறார். மேலும், கிழவி இப்போது பேதையல்ல. முள்ளு தெரியவில்லை என்று பேதைபோலப் பேசுகிறாள், அவ்வளவுதான். அவளுடைய வழக்கு அப்படியே இருக்கிறது. சிரிப்பு மட்டும் இடம் மாறி, கணக்கப்பிள்ளையின் மெல்லிய குரலில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்தக் காட்சியை நன்னூல் தமிழில் எழுதினாலும் சிரிப்பு வரும்.

இருவரும் ஒரே வழக்குப் பேசுவதாயின் குரல்களை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று கேட்கலாம். பேச்சின் அளவால் பிரித்தோம். கணக்கப்பிள்ளை பெரும்பாலும் எண்களாகவும் இரண்டு மூன்று சொற்களாகவும் பேசுகிறார். பேச்சியம்மா "அய்யா" என்று தொடங்கிச் சற்று நீட்டிப் பேசுகிறாள். ஒருவர் வெட்டுகிறார், மற்றவர் இழைக்கிறார். காதுக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் அனுபவத்தில், ஒரு காட்சியில் நான்கு குரல்களுக்கு மேல் போனால் கேட்பவர் யார் யார் என்று தேடத் தொடங்குகிறார். தேடிக்கொண்டிருப்பவர் சிரிப்பதில்லை.

அடுத்தது, பதினெட்டு என்ற எண். அது நேயரின் மனதில் முன்னரே இருந்தால்தான் பதினாறு என்பது அரைப்பேர் என்றும், பத்தொன்பது என்பது முழுப்பேருக்கு மேலே ஒரு கிலோ என்றும் கணக்குப் போடமுடியும். பத்திரிகை வாசகர் மறந்துவிட்டால் மேலே பார்த்துக்கொள்வார். வானொலி நேயருக்கு மேலே என்று ஒன்றில்லை. ஆகவே அந்த எண்ணைத் தராசுக் காட்சிக்கு முன்னரே இரண்டு தடவை, இரண்டு வேறு வாய்களில் வைத்தோம். காலையில் பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை கட்டளையாகச் சொல்கிறார். மத்தியானம் இளம்பெண் ஒருத்தி, "பதினெட்டு வருமான்னு தெரியலக்கா" என்று கவலையாகச் சொல்கிறாள். முதற்தடவை கேட்காதவர் இரண்டாம் தடவை கேட்டுவிடுவார். மூன்றாம் தடவை சொன்னால், ஏதோ வரப்போகிறது என்று நேயர் உஷாராகிவிடுவார், சிரிப்பு கெட்டுவிடும்.

அந்த இரண்டு விநாடி மௌனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்க வானொலியில் ஜாக் பென்னி என்ற நகைச்சுவையாளர் தம்மை மகா கஞ்சனாகவே பல ஆண்டுகள் காட்டி வந்தார். 1948இல் ஒலிபரப்பான நிகழ்ச்சியொன்றில் திருடன் ஒருவன் அவரை மறித்து, பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி பதில் சொல்லவில்லை. மௌனம் நீள்கிறது. கலையகத்தில் கூடியிருந்தவர்கள் சிரிக்கத் தொடங்குகிறார்கள். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொல்ல ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. வேறு எந்த நடிகர் அங்கே மௌனமாக நின்றிருந்தாலும் அது வெறும் மௌனம்தான். பல ஆண்டுக் கஞ்சத்தனம் அந்த மௌனத்துக்குள் இருந்தது. எங்கள் பதினெட்டுக் கிலோவும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் எங்களிடம் கலையகக் கூட்டம் இல்லை. முதலில் நான்கு விநாடி மௌனம் வைத்தோம். கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவர், "சேர், போன் நின்னுபோச்சு" என்றார். வானொலியில் முழு மௌனம் என்பது கருவி பழுதானதற்கு அடையாளம். நேயரின் கை உடனே பொத்தானுக்குப் போய்விடும். ஆகவே மௌனத்துக்குள் ஏதாவதொன்று உயிரோடு இருக்கவேண்டும். தராசுச் சங்கிலி மெல்ல ஆடும் ஓசையை உள்ளே வைத்து, காலத்தை இரண்டு விநாடியாகக் குறைத்தோம். சங்கிலி எங்கே கிடைக்கும் என்று அலையவேண்டியிருக்கவில்லை. சைக்கிள் பூட்டுச் சங்கிலியை ஒரு மாணவன் கதவுக் கொக்கியில் மாட்டி ஆட்டினான். நிஜத் தராசின் ஓசையையும் பதிவு செய்து பார்த்தோம். அது தராசு மாதிரியே கேட்கவில்லை!

பின்னர் இன்னொரு திருத்தம். பத்தொன்பது என்ற சொல்லுக்குப் பிறகு பேச்சியம்மா, "ஒரு அடி தள்ளி நின்னதுக்கே மூணு கிலோ கூடிப்போச்சே" என்று சொல்வதாக எழுதியிருந்தோம். மாணவருக்கு மிகவும் பிடித்த வசனம் அது. ஆனால் லயத்திலே நாலைந்து பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டியபோது, அவர்கள் அதற்கு முன்னரே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் வசனம் மூழ்கிப்போயிற்று. காதில் விழுந்தவர்களுக்கும் அது தாங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்ததை விளக்குவதாகவே இருந்தது. வசனத்தை வெட்டினோம். எழுதியவன் இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து புது வசனம் ஒன்று தந்தான். வரிசையில் அடுத்து நிற்கும் பெண் சொல்கிறாள்: "அய்யா, எனக்கும் அங்கயே நில்லுங்க." இது எதையும் விளக்கவில்லை. கதையை ஒரு அடி முன்னே நகர்த்துகிறது. சிரித்து முடியும்போது வந்து, இரண்டாம் சிரிப்பைத் தொடங்கிவைக்கிறது.

காதிலே செருகிக்கொண்டு தனியாகக் கேட்பவர்களுக்கும், லயத்திலே கூடிக் கேட்பவர்களுக்கும் இந்த இடத்தில் வேறுபாடு உண்டு. தனியாகக் கேட்பவர் பெரும்பாலும் சத்தமாகச் சிரிப்பதில்லை. மூக்கால் ஒரு மூச்சு விடுவதோடு சரி. அவருக்காகச் சிரிப்பு இடைவெளியை நீட்டினால் நாடகம் தொய்ந்துவிடும். கூடிக் கேட்பவர்களுக்கு இடைவெளி விடாவிட்டால் அடுத்த வசனம் காணாமற்போகும். நாங்கள் இருவருக்கும் நடுவாகப் போனோம். சிரிப்பு வரக்கூடிய இடத்துக்கு அடுத்து, கேட்காமற்போனாலும் நட்டமில்லாத ஒரு சிறு வசனத்தை வைத்தோம். "சரி சரி, நகருங்க" என்பது போல. கூட்டத்தில் அது மூழ்கட்டும். தனியாகக் கேட்பவருக்கு அது இடைவெளியை நிரப்பட்டும்.

மேடையால் செய்யமுடியாத ஒன்றை வானொலி செய்யும் என்பதையும் நாங்கள் கண்டுகொண்டோம். வானொலியில் பேசாதவர் இல்லாதவரே. மேடையில் தாத்தா மூலையில் உட்கார்ந்திருந்தால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாடகத்தின் வேறொரு காட்சியில், தாத்தா ஒளித்துவைத்திருக்கும் பணத்தை எடுப்பது பற்றி அண்ணனும் தங்கையும் ஒரு நிமிடம் இரகசியம் பேசுகிறார்கள். எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று விலாவாரியாக. பேச்சு முடிந்ததும் பக்கத்திலேயே இருமல் ஒன்று கேட்கிறது. "அங்க இல்லப்பா, எடம் மாத்திட்டேன்." தாத்தா அங்கேயே இருந்திருக்கிறார்! நேயர் காணாததற்குக் காரணம், அண்ணனும் தங்கையும் காணாததேதான். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. காட்சியின் தொடக்கத்தில் தாத்தா ஒரு வார்த்தையாவது பேசியிருக்கவேண்டும். அப்படியில்லாமல் திடீரென்று முளைத்தால் நேயர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பாரேயன்றிச் சிரிக்கமாட்டார். எங்கள் நாடகத்தில் தாத்தா முதலில் "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடங்கிவிடுகிறார். எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஓசையைப் பற்றிச் சொல்லும்போது, மழையைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். முதற்பிரதி பெருமழையோடு தொடங்கியது. கூரை ஒழுகுகிறது, வீட்டார் ஓடியோடிப் பாத்திரம் வைக்கிறார்கள். தகரத்தில் ஒரு சத்தம், அலுமினியத்தில் ஒரு சத்தம், பிளாஸ்ரிக் வாளியில் ஒரு சத்தம். கேட்பதற்குச் சங்கீதம் போலிருக்கும், நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். மழைச் சத்தத்தைத் தேடியெடுத்து, இடியையும் சேர்த்து, வகுப்பிலே போட்டுக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "சேர், இந்தச் சத்தம் வேணாம்" என்றாள்.

கொஸ்லந்த என்ற பெயரை நாட்டின் மற்றப் பகுதியினர் அறிந்ததே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதையுண்ட பிறகுதான். எங்கள் பக்கத்தவர்களுக்குப் பெருமழை ஓசை என்பது வெறும் பின்னணி ஒலியல்ல. இரவில் மழை பிடித்தால் விழித்திருந்து மலையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒலிக்குத் தனியே பொருளில்லை; கேட்பவர் கொடுப்பதுதான் பொருள். மழையைக் கண்ணால் காட்டியிருந்தால், ஓடியாடும் ஆட்களின் முகத்தைப் பார்த்து இது விளையாட்டு என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். காதுக்கு அந்த ஆறுதல் இல்லை. இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தும் எனக்கு அது முன்கூட்டியே தோன்றாமற்போனதை நினைத்து வெட்கப்பட்டேன்.

மழையை முழுதாக எடுத்துவிட்டோம். பாத்திரங்களில் சொட்டும் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த மாணவிதான் வசனத்தையும் எழுதினாள். சொட்டுச் சத்தம் மூன்று சுருதியில் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள்: "என்னா அக்கா, இன்னும் மழையா?" பதில்: "மழ வெளிய நின்னு ரெண்டு மணி நேரமாச்சு. எங்க வீட்டுல இன்னும் நிக்கல." இந்த வசனத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். பெருமழை போய்விட்டது என்ற ஆறுதலும் அந்தச் சிரிப்பில் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். பிறகு மூன்று சொட்டுச் சத்தங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ஒரேயொரு சொட்டை மட்டும் தாமதமாக விழவைத்தோம். அதற்கும் ஒரு சிரிப்பு வந்தது. இதற்கு ஒரு முன்னோடியுண்டு. 1940களின் அமெரிக்க வானொலித் தொடரான 'ஃபிபர் மெக்கீ அன்ட் மொலி'யில், அலுமாரிக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருக்கும் பொருட்கள் எல்லாம் பெருஞ்சத்தத்துடன் சரிந்து விழும். எல்லாம் அடங்கிய பின்னர் கடைசியாகச் சின்ன மணியொன்று கிணுங்கும். பெருஞ்சத்தத்துக்கு மலைப்பார்கள், மணிக்குத்தான் சிரிப்பார்கள்.

நாடகம் முடிந்ததும் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு அம்மாயியிடம் போனேன். அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. காது நன்றாகவே கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். பிரட்டுக் களத்தில் அசையாமல் இருந்தார். சொட்டுச் சத்தத்துக்கு லேசாகத் தலையாட்டினார். தராசுக் காட்சி வந்தது. பதினாறு என்றதும், "பாவி" என்று முணுமுணுத்தார். சங்கிலி ஆடியது. பத்தொன்பது என்ற சொல் வருவதற்கு முன்னரே, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார். முடியும் வரை நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கணக்கப்புள்ள, மத்த நாளு எங்க நின்னான்?"